கபால நரம்புகள் பன்னிரண்டு: நிமோனிக் எதுவரை கூட வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலும் காட்பாடியிலும் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் கேட்பவை இவை. பன்னிரண்டு நரம்புகளையும் பற்றி எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள். அதனால் பாதிக்கு மேல் ஏழாவது நரம்பான ஃபேஷியலைப் பற்றித்தான். வார்டில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவதும் அங்கேதான்.

பன்னிரண்டு பேரையும் வரிசையா சொல்ல எந்த நிமோனிக் நல்லது சார்?

எது ஏற்கெனவே வாயில் வருகிறதோ அது. பழைய ஆட்கள் "ஆன் ஓல்ட் ஒலிம்பஸ் டவரிங் டாப், எ ஃபின் அண்ட் ஜெர்மன் வ்யூட் சம் ஹாப்ஸ்" என்று சொல்வார்கள். அதில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். முதல் மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே, இரண்டுமே 'டி'. ட்ரோக்லியர் முதலா, ட்ரைஜெமினல் முதலா என்று அந்த வரி சொல்லாது. ட்ரைஜெமினலுக்கு மூன்று கிளை, முகம் முழுக்க உணர்ச்சி, மெல்லும் தசைகள் என்று பெரிய குடும்பம். ட்ரோக்லியருக்கு ஒரே ஒரு தசை. சின்னவர் முன்னால் நிற்கிறார், பெரியவர் பின்னால் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டால் மாறாது.

இன்னொன்று, இந்த வரி பழைய பெயர்களுக்கு எழுதியது. எட்டாவதை அப்போது ஆடிட்டரி என்றார்கள், இப்போது வெஸ்டிபுலோகாக்லியர். பதினொன்றை ஸ்பைனல் ஆக்சஸரி என்றார்கள், இப்போது வெறும் ஆக்சஸரி. புதிய புத்தகத்தையும் பழைய வரியையும் சேர்த்து வைத்துப் படித்தால் எட்டில் வந்து முட்டி நிற்பீர்கள்.

எது சென்சரி, எது மோட்டார், எது ரெண்டும்? "சம் சே மேரி மணி" எனக்கு நடுவில் அறுந்துபோகுது.

அறுந்துதான் போகும். அதில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வரிசை மாறாமல் பிடித்து, ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் எடுத்து, அதை எண்ணோடு சேர்க்க வேண்டும். மூன்று வேலை. எங்கள் பக்கம் தமிழிலேயே இப்படிச் சொல்லிக்கொடுப்பேன்:

ஒண்ணு ரெண்டு எட்டு, உணர்ச்சியில கட்டு.
அஞ்சு ஏழு ஒம்பது பத்து, ரெண்டும் சேர்ந்த சொத்து.

அவ்வளவுதான். மிச்சம் இருக்கிற மூன்று, நான்கு, ஆறு, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய ஐந்தும் மோட்டார். இலக்கியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேராக எண்ணையே சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. மோட்டார் பட்டியலில் இருக்கும் மூன்றாவது நரம்பு கண்மணியைச் சுருக்கும் பாராசிம்பதெடிக் இழைகளையும் சுமக்கிறது. சென்சரி, மோட்டார், ரெண்டும் என்று மூன்றே பெட்டி வைத்திருப்பதால் அந்த இழைகளுக்கு இந்த வரியில் இடமே இல்லை. ஏழு, ஒன்பது, பத்துக்கும் அதே கதை.

கண் தசைக்கு LR6 SO4 போதுமா?

யாருக்கு எந்த நரம்பு என்பதற்குப் போதும். லேட்டரல் ரெக்டஸுக்கு ஆறு, சுப்பீரியர் ஆப்லிக்குக்கு நான்கு, மற்றதெல்லாம் மூன்று. நல்ல நிமோனிக், ஏனென்றால் சொல் இல்லாமல் சூத்திரமாகவே இருக்கிறது.

தசை என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. சுப்பீரியர் என்று பெயர் இருப்பதால் கண்ணை மேலே தூக்கும் என்று எழுதுகிற பிள்ளைகள் வருடா வருடம் உண்டு. அது கண்ணைக் கீழே இறக்கும் தசை. அதிலும் கண் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும்போதுதான் அந்த வேலை நன்றாகத் தெரியும். அதனால்தான் நான்காவது நரம்பு கெட்டவர் "எல்லாம் ரெண்டா தெரியுது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, வள்ளிமலைப் படி இறங்கும்போது படி இரண்டாகத் தெரிந்தது என்றோ, பேப்பர் படிக்க முடியவில்லை என்றோ சொல்வார். தலையையும் மறுபக்கம் சாய்த்து வைத்திருப்பார்.

நிமோனிக் எல்லாம் தண்ணி பட்ட பாடு. ஆனா பேஷண்ட் முன்னாடி நின்னா ஒண்ணும் வரமாட்டேங்குது. ஏன்?

நிமோனிக் பதில் சொல்கிற கேள்வி வேறு, நோயாளி கேட்கிற கேள்வி வேறு. "ஏழாவது நரம்பு எது, அதன் வேலை என்ன?" என்பதற்கு நிமோனிக் பதில் சொல்லும். வாய் கோணிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பவர் முன்னால் கேள்வி, "இந்த ஏழாவது நரம்பின் பாதையில் எந்த இடத்தில் அடி விழுந்திருக்கிறது?" என்பது.

ஏழாவது நரம்புக்கான உத்தரவு மூளையின் மேற்பரப்பில் பிறக்கிறது, கீழே இறங்கி பான்ஸில் உள்ள நியூக்ளியஸுக்கு வருகிறது. அங்கிருந்து நரம்பாக வெளியேறி, காதெலும்புக்குள் குறுகலான கால்வாயில் வளைந்து போய், காதுக்குப் பின்புறம் எலும்பை விட்டு வெளிவந்து, பரோடிட் சுரப்பிக்குள் புகுந்து, முகத்தில் ஐந்து கிளையாக விரிகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் முகம் கோணும். எப்படிக் கோணுகிறது, கூட வேறு என்ன கெட்டிருக்கிறது என்பதுதான் இடத்தைக் காட்டும். நிமோனிக்குக்குப் பெயரும் எண்ணும் தெரியும், வழி தெரியாது.

முகம் கோணி வந்தா எல்லாரும் முதல்ல நெற்றியைப் பார்க்கிறாங்களே, எதுக்கு?

முகத்தின் மேல்பாதிக்கு, அதாவது நெற்றிக்கும் ஓரளவு கண்ணிமைக்கும், மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது. கீழ்ப்பாதிக்கு முக்கியமாக எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டும். ஆகவே வலப்பக்க மூளையில் ஸ்ட்ரோக் வந்தால் இடப்பக்க வாய் இழுத்துக்கொள்ளும், ஆனால் "புருவத்தை உயர்த்துங்க" என்றால் இரண்டு பக்கமும் சுருக்கம் விழும். நியூக்ளியஸிலோ அதற்குக் கீழே நரம்பிலோ அடிபட்டால் நெற்றி, கண், வாய் மூன்றும் ஒரே பக்கம் விழுந்துவிடும். ஏழாவது நரம்பு மட்டும் திடீரென்று கெட்டு ஒரு பக்க முகம் விழும் பெல்ஸ் பால்சி இந்த இரண்டாவது வகை.

சோதிக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. வயதானவர்களுக்கு நெற்றிச் சுருக்கம் நிரந்தரமாகவே இருக்கும். சும்மா பார்த்துவிட்டு "சுருக்கம் இருக்கிறது, நெற்றி சரி" என்று எழுதிவிடுகிறார்கள். அசையச் சொல்லி, அசைவதைப் பார்க்க வேண்டும். கண்ணை இறுக்கி மூடச் சொல்லி உங்கள் விரலால் திறக்கப் பாருங்கள். பலம் குறைந்த பக்கம் எளிதாகத் திறந்துவிடும், இமைமுடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அப்போ நெற்றியும் விழுந்திருந்தா பெல்ஸ் பால்சின்னு எழுதிடலாம்தானே?

இங்கேதான் நிமோனிக் மட்டும் வைத்திருப்பவர் மாட்டுவார். "நெற்றி நன்றாக இருந்தால் ஸ்ட்ரோக், நெற்றி விழுந்தால் பெல்ஸ்" என்பதும் ஒரு மனப்பாட வரிதான். பெரும்பாலும் சரியாக வரும். சரியாக வராத இடத்தில் ஆளைக் கெடுக்கும்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். குடியாத்தம் பக்கம், கைத்தறி லுங்கி நெய்பவர், 56 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு, மாத்திரை விட்டு விட்டுச் சாப்பிடுவார். ராத்திரி பத்து மணிக்கு நன்றாகத்தான் பேசிவிட்டுப் படுத்தார். காலை ஐந்தரைக்கு எழுந்தால் இடப்பக்க முகம் முழுக்க விழுந்திருக்கிறது. இடக்கண் மூடவில்லை. இடப்பக்க நெற்றி அசையவில்லை. வீட்டில் "காத்து அடிச்சிடுச்சு" என்று எண்ணெய் காய்ச்சித் தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

நெற்றி வரி இங்கே "பெல்ஸ்" என்று சொல்லும். அதோடு நிறுத்தாமல் மேலே பாருங்கள். "இடப்பக்கம் பாருங்க" என்றால் இடக்கண் வெளிப்பக்கம் போகவில்லை, நடுவிலேயே நின்றுவிடுகிறது. பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரிகின்றன, இடப்பக்கம் பார்க்கப் பார்க்க விலகுகின்றன. அது ஆறாவது நரம்பு. இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கையை மேலே வைத்து, கண்ணை மூடச் சொன்னால் வலக்கை மெதுவாக உள்பக்கம் திரும்பி இறங்குகிறது. வலக்காலிலும் பலம் குறைவு.

இடப்பக்கம் ஆறும் ஏழும், வலப்பக்கம் கை கால். இவை மூன்றும் ஒன்றுக்கொன்று அருகில் ஓடுகிற இடம் உடம்பில் ஒன்றுதான்: பான்ஸின் கீழ்ப்பகுதி, முன்பக்கம், இடப்புறம். ஆறாவதும் ஏழாவதும் அங்கே வெளியே வருகின்றன. கை கால்களுக்குப் போகும் மோட்டார் பாதை பக்கத்திலேயே இறங்குகிறது, அது இன்னும் கீழே மெடுல்லாவில்தான் மறுபக்கம் தாண்டும். அதனால் முகமும் கண்ணும் இடப்பக்கம், கை கால் வலப்பக்கம். மில்லார்ட் குப்ளர் சிண்ட்ரோம் என்று பெயர். அதை மறந்தாலும் பரவாயில்லை, இடம் தெரிந்தால் போதும்.

ஆக இவருக்கு வந்திருப்பது ஸ்ட்ரோக். நெற்றி விழுந்த ஸ்ட்ரோக். நியூக்ளியஸைத் தாண்டிய பிறகு நரம்பிழையிலேயே அடிபட்டதால் நெற்றிக்கும் தப்பிக்க வழியில்லை. இந்த இடத்தில் உள்ள சிறு அடைப்பு ஆரம்பத்தில் சிடி ஸ்கேனில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான வழக்கமான கெடு நான்கரை மணி நேரம். அது எழுந்த நேரத்திலிருந்து கணக்கு இல்லை, கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த ராத்திரி பத்து மணியிலிருந்து. இவருக்கு அது ஏற்கெனவே தாண்டிவிட்டது. இப்படித் தூக்கத்தில் வந்தவர்களில் சிலருக்கு எம்ஆர்ஐ பார்த்து ஊசி போடுவதும் உண்டு. எப்படியானாலும் எண்ணெய் தேய்க்கிற ஒவ்வொரு மணியும் நஷ்டம்.

இன்னொரு நுணுக்கம், விரும்பியவர்கள் படிக்கலாம். இவர் இடப்பக்கம் பார்க்கும்போது வலக்கண் மூக்குப் பக்கம் சரியாக வந்தது. ஆறாவதன் நியூக்ளியஸே கெட்டிருந்தால் இரண்டு கண்ணுமே இடப்பக்கம் போகாது, ஏனென்றால் மறுகண்ணுக்கான தகவலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஏழாவதன் இழைகள் அந்த நியூக்ளியஸைச் சுற்றி வளைந்துதான் வெளியே போகின்றன. ஆறும் ஏழும் சேர்ந்து கெடுவதற்குப் பின்பக்கம் அது இன்னொரு இடம். அங்கே அடிபட்டால் இரு கண்ணும் அந்தப் பக்கம் திரும்பாது, கை காலுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். "LR6" என்ற இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இதையெல்லாம் எங்கே சொல்லும்?

"முகம், காது, நாக்கு, கண்ணீர்"னு ஏழாவதுக்கு ஒரு வரி இருக்கே, அது இடத்தைக் காட்டாதா?

காட்டும் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொடுத்தார்கள். முகத் தசை, காதுக்குள் இருக்கும் ஸ்டெபீடியஸ் என்ற குட்டித் தசை, நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கு ருசி, கண்ணீர்ச் சுரப்பி. கால்வாய்க்குள் கண்ணீர்க் கிளை முதலில் பிரியும், அப்புறம் ஸ்டெபீடியஸ், அப்புறம் ருசி. எது கெட்டிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று பார்த்தால் கால்வாயில் எந்த இடம் என்று சொல்லிவிடலாம் என்பது கணக்கு. நிஜத்தில் பெல்ஸ் பால்சியில் இந்தக் கணக்கு அவ்வளவு துல்லியமாக வருவதில்லை. வீங்கிய நரம்பு எல்லா இழையையும் ஒரே அளவில் நசுக்குவதில்லை.

ஆனாலும் கேட்டுப் பாருங்கள். "பஸ் ஹாரன் அந்தக் காதுல மட்டும் வலிக்குது", "சாம்பார் ஒரு பக்கம் சப்புன்னு இருக்கு" என்று சொன்னால், அடி எலும்புக்குள்ளேயே விழுந்திருக்கிறது, வெளியே கன்னத்தில் இல்லை என்பதற்கு அது நல்ல சான்று.

கண்ணீரில் மட்டும் ஏமாறாதீர்கள். ஏழாவது கெட்டால் கண்ணீர் குறைய வேண்டும் என்று வரி சொல்கிறது. நோயாளியோ கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வருவார். கீழிமை தொங்கிப்போனதால் கண்ணீர் மூக்குக்குள் வடியாமல் கன்னத்தில் வழிகிறது, அவ்வளவுதான்.

இதே நேரத்தில் காதுக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். அக்கிக் கொப்புளம் இருந்தால் அது பெல்ஸ் இல்லை, ராம்சே ஹன்ட். முகம் ஒரே ராத்திரியில் விழாமல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்திருந்தால் காதுக்கு முன்னால் பரோடிட்டைத் தடவிக் கட்டி தேடுங்கள்.

எங்க சீனியர் "டூ சான்சிபார் பை மோட்டார் கார்" சொல்லிக்கொடுத்தார். அந்த அஞ்சு கிளை எதுக்கு உதவும்?

டெம்போரல், ஸைகோமேட்டிக், பக்கல், மார்ஜினல் மாண்டிபுலர், செர்விகல். அறுவை சிகிச்சை செய்பவர்களுக்கு நிச்சயம் உதவும். நம் மாவட்டத்தில் இன்னொரு காரணமும் உண்டு.

பழைய வட ஆற்காட்டில் தொழுநோய் அதிகம். 1955-இல் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி மையம் தொடங்கியதற்கு அதுதான் காரணம். அங்கே பார்க்கும் முகவாதத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது: வாய் ஓரளவு நன்றாக இருக்கும், கண் மட்டும் மூடாது. ஸ்ட்ரோக்கில் பார்ப்பதற்கு நேர் தலைகீழ். தொழுநோய்க் கிருமி குளிர்ந்த, தோலுக்கு அருகில் உள்ள நரம்பைத் தேடிப் போகும். கன்ன எலும்பின் மேல் மெல்லிய தோலுக்கு அடியில் ஓடுகிற ஸைகோமேட்டிக் கிளை அதற்கு வசமாக அகப்படுகிறது. எலும்புக்குள் இருக்கும் பகுதிக்கு ஒன்றும் ஆகாது, அதனால் ருசியும் காதும் சரியாகவே இருக்கும். கன்னத்தில் தேமல் போன்ற உணர்ச்சியற்ற படை இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் ஆபத்து ஐந்தாவது நரம்போடு சேரும்போது வருகிறது. கருவிழியின் உணர்ச்சி ஐந்தாவதுடையது. அதுவும் மங்கியிருந்தால் மூடாத கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது, உறுத்தாது. புண் ஆகி, பழுத்து, பார்வை போன பிறகுதான் வருவார்கள். "கண் சிவந்திருக்கு, ஆனா வலி இல்லை சார்" என்று ஒருவர் சொன்னால் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிமோனிக் வரியில் ஐந்தும் ஏழும் தனித்தனி ஆட்கள். கண்ணில் இரண்டும் ஒரே வேலையின் இரு பாதி: ஐந்து உணர்த்தும், ஏழு இமைக்கும்.

சரி, நிமோனிக்கை விட்டுட்டு எதை மனப்பாடம் பண்றது?

விட வேண்டாம். இடத்தைச் சொல்கிற நிமோனிக்கைப் பிடியுங்கள். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் பீட்டர் கேட்ஸ் 2005-இல் எழுதிய நான்கின் விதி அப்படிப்பட்டது. கீழே மெடுல்லாவில் நான்கு நரம்பு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. பான்ஸில் நான்கு, ஐந்து முதல் எட்டு வரை. அதற்கு மேலே நான்கு. அதில் மூன்றும் நான்கும் மிட்பிரெயினில், ஒன்றும் இரண்டும் மூளைத்தண்டிலேயே இல்லை. பன்னிரண்டை மீதியில்லாமல் வகுக்கும் மூன்று, நான்கு, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றின் மோட்டார் நியூக்ளியஸ் நடுக்கோட்டை ஒட்டி இருக்கும். ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று ஓரத்தில்.

குடியாத்தத்துக்காரரிடம் போட்டுப் பாருங்கள். ஆறும் ஏழும், ஆகவே பான்ஸ். எதிர்ப்பக்கக் கை கால், ஆகவே நடுக்கோட்டுப் பக்கம். இரண்டே படியில் கிட்டத்தட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். ஆனால் ஏழு ஓரத்து ஆள், இங்கே ஏன் நடுவோடு சேர்ந்து கெட்டது என்று கேட்டால் இந்த விதியும் வாயை மூடிக்கொள்ளும். அதற்கு நரம்பிழைகள் முன்பக்கமாக வெளியேறும் படத்தை ஒருமுறையாவது கையால் வரைந்திருக்க வேண்டும்.

எங்க ஓபியில பாதி பேருக்குத் தமிழ் தெரியாது. எப்படி சோதிக்கிறது?

சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு, வாணியம்பாடி உருது, வங்காளத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் என்று எல்லாரும் உண்டு. ஏழாவதற்கு மொழி தேவையில்லை, நீங்கள் செய்து காட்டுங்கள், அவர்கள் திருப்பிச் செய்வார்கள். புருவம் தூக்குவது, கண் இறுக்குவது, பல் காட்டுவது, கன்னம் உப்புவது. பேச்சுவாக்கில் சிரிக்கவும் வையுங்கள். மேல் மூளை ஸ்ட்ரோக்கில் கேட்டுச் செய்கிற சிரிப்பு கோணலாகவும், தானாக வருகிற சிரிப்பு நேராகவும் இருப்பதுண்டு.

பெல்ஸ்னே முடிவானா அப்புறம் என்ன?

72 மணி நேரத்துக்குள் பிரட்னிசோலோன் தொடங்கினால் பலன் அதிகம். மருந்தே இல்லாமலும் பத்தில் ஏழு பேருக்கு முழுதாகத் திரும்பிவிடுகிறது, அதனால்தான் ஊரில் எந்த வைத்தியமும் ஜெயிக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்ட் கொடுத்தால் சர்க்கரை ஏறும், அதைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குப் பகலில் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு டேப் ஒட்டி மூடுவது. இதை எழுதிக்கொடுக்க மறப்பவர்கள்தான் அதிகம்.

தொழுநோயில கண் மூடவே மூடாம நின்னுட்டா வழியே இல்லையா?

உண்டு. டெம்போராலிஸ் என்ற மெல்லும் தசையில் ஒரு பட்டையை எடுத்து இமைகளோடு இணைக்கிற அறுவை சிகிச்சை இருக்கிறது. அந்தத் தசை ஐந்தாவது நரம்புடையது, தொழுநோயில் அதன் மோட்டார் பகுதி பொதுவாகத் தப்பிவிடும். அறுவைக்குப் பிறகு நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும். பிசியோதெரபி பிள்ளைகளுக்கு இங்கேதான் வேலை: நாள் முழுக்க அவ்வப்போது பல்லைக் கடித்து இமைக்கப் பழக்க வேண்டும், இல்லையென்றால் சாப்பிடும்போது மட்டும்தான் கண் மூடும்.